தெரு முனை கிளினிக் கூகுள் தேடலில் தெரிய: அறிமுகம் எழுதுவதும் ரிவ்யூ சேர்ப்பதும்

மதுரை திருநகரில் யாரிடம் வழி கேட்டாலும் ஸ்டாப் எண்ணைத்தான் சொல்வார்கள். 2வது ஸ்டாப், 3வது ஸ்டாப் என்றால் ஆட்டோக்காரருக்கும் புரியும், கூரியர் பையனுக்கும் புரியும். என் அக்கா வீட்டுக்காரர் அங்கே ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறார். எம்.பி.பி.எஸ். முடித்த பொது மருத்துவர். உதவிக்கு கவுண்டரில் ஒரு அக்கா, ஊசி போட ஒரு நர்ஸ். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆனால் புதிதாகக் குடிவந்தவர்கள் போனில் `doctor near me` என்று தேடினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளினிக்குகள் வந்தன, இவருடையது வரவில்லை.

"மச்சான், நல்லா ஒரு டிஸ்கிரிப்ஷன் எழுதிக் குடு, மேல வந்துரும்" என்றார். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கூகுள் பக்கத்தைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. அதனால் அவரிடம் முதலில் சொன்னது, அறிமுகப் பத்தியால் மட்டும் யாரும் மேலே வருவதில்லை என்பதுதான். அப்புறம் எதற்கு அதை எழுத வேண்டும், எது மேலே கொண்டுவரும், ரிவ்யூ எங்கிருந்து வரும் என்பதை நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ப்ரொஃபைலைச் சரிபார்க்க வேண்டும்

அருகில் இருக்கும் இடங்களை வரிசைப்படுத்தும்போது மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தேடியதற்கு எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், அந்த இடம் எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. இது என்ன மாதிரி இடம் என்று ப்ரொஃபைலில் குறிக்கும் முதன்மை வகைக்குப் பொருத்தத்தில் பெரும்பங்கு உண்டு. அறியப்பட்டதா என்பதில் ரிவ்யூக்களுக்கு நல்ல பங்கு உண்டு.

எங்கள் ப்ரொஃபைலை, அதாவது கிளினிக்குக்கென்று கூகுளில் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது முதன்மை வகை `Hospital` என்று இருந்தது. எப்போதோ யாரோ போட்டது. மருத்துவமனை என்று தேடுபவர்களுக்குப் பெரிய கட்டடங்கள்தான் வரும், அந்த வரிசையில் நமக்கு இடம் கிடையாது. அதை `General practitioner` என்று மாற்றி, கூடுதல் வகையாக `Medical clinic` சேர்த்தோம். கூடுதலாக ஒன்பது வகை வரை சேர்க்கலாம், ஆனால் செய்யாத வேலைக்கு வகை போடக்கூடாது. சர்க்கரை நோயாளிகளையும் பார்க்கிறார் என்பதற்காக `Diabetologist` போடலாமா என்று அவர் கேட்டார். அந்தச் சிறப்புப் படிப்பு இல்லாதவர் அப்படிப் போடுவது தவறு. கூகுளை விடுங்கள், மருத்துவக் கவுன்சிலுக்கே பதில் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவது தவறு, ஒரே கிளினிக்குக்கு இரண்டு ப்ரொஃபைல். ஒன்று கிளினிக் பெயரில், இன்னொன்று டாக்டர் பெயரில். ரிவ்யூக்கள் இரண்டிலும் சிதறிக்கிடந்தன. கிளினிக்கில் ஒரே டாக்டர்தான் என்றால் கிளினிக் பெயர், முக்காற்புள்ளி, டாக்டர் பெயர் என்று ஒரே ப்ரொஃபைலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது கூகுளின் விதி. பல டாக்டர்கள் உட்காரும் இடத்தில்தான் ஆளுக்கொன்று. கூடுதலாக இருந்ததை நகல் என்று மேப்ஸில் புகார் செய்து நீக்கவைத்தோம்.

பெயர் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். வாசல் போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். பெயரோடு "திருநகர் சிறந்த டாக்டர்" என்று ஒட்டினால் சில நாள் மேலே வரலாம். யாராவது புகார் செய்தால் ப்ரொஃபைலே முடக்கப்படும். அப்புறம் போர்டின் படம், பதிவுச் சான்றிதழ் எல்லாம் காட்டி மீட்டெடுக்க அலைய வேண்டும்.

மூன்றாவது, நேரம். காலை 9 முதல் இரவு 9 என்று ஒரே நீட்டாகப் போட்டிருந்தார்கள். நிஜத்தில் மதியம் 1 முதல் 5 வரை பூட்டு. மதியம் மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து வந்து பூட்டைப் பார்த்தவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை. காலை, மாலை என்று ஒரே நாளுக்கு இரண்டு நேரம் போட வசதி இருக்கிறது. பொங்கல், தீபாவளிக்குச் சிறப்பு நேரத்தைத் தனியாகப் போடலாம்.

அறிமுகப் பத்தி யாருக்கு

`Edit profile` உள்ளே `Description` என்று ஒரு பெட்டி இருக்கும். 750 எழுத்துகள்தான் இடம். அதற்குள் தேடல் வார்த்தைகளைத் திணித்தால் வரிசையில் ஏறும் என்பது பழைய நம்பிக்கை. என் கையில் இருக்கும் பக்கங்களில் இந்தப் பத்தியை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறேன், இடம் நகர்ந்ததே இல்லை. இந்தப் பத்தியைப் படிப்பவர் ஏற்கெனவே நம் ப்ரொஃபைலைத் திறந்துவிட்டவர். இங்கே வரலாமா, அடுத்த கிளினிக்கைப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பத்தியின் வேலை.

அந்தக் கேள்விகள் என்னவென்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கவுண்டர் அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் போனில் வரும் கேள்விகளை எழுதிவைக்கச் சொன்னேன். "குழந்தைக்குப் பார்ப்பீங்களா", "டோக்கன் போன்ல போடலாமா", "ஈசிஜி எடுப்பீங்களா", "ரத்தம் அங்கேயே எடுப்பீங்களா", "எக்ஸ்ரே இருக்கா", "மாடி ஏறணுமா". கடைசிக் கேள்வி மூட்டுவலிக்காரர்கள் கேட்பது. அது என் மண்டையில் உதித்திருக்கவே உதித்திருக்காது.

முன்பு இருந்த பத்தி இப்படி:

```
மதுரையின் நம்பர் 1 கிளினிக். அனுபவமிக்க மருத்துவர்,
நவீன சிகிச்சை, குறைந்த கட்டணம். சர்க்கரை நோய்க்கு
முழுத் தீர்வு. திருநகர், பசுமலை, திருப்பரங்குன்றம்,
ஹார்விபட்டி, விளாச்சேரி டாக்டர்.
```

இதில் ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. ஊர்ப் பெயர்களை அடுக்கியதால் பசுமலைக்காரருக்கு நாம் தெரியப்போவதும் இல்லை. அவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம் கணக்கிடப்படுகிறது. விலை, தள்ளுபடி பேச்சை இந்தப் பெட்டியில் கூகுள் விரும்புவதில்லை. இணைப்பு போடவும் அனுமதி இல்லை. "முழுத் தீர்வு" என்ற சொல்தான் இருப்பதிலேயே ஆபத்து. 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. டாக்டர்களுக்கென்றே இருக்கும் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளோ, நோயாளிகளை விளம்பரம் செய்து அழைப்பதையே ஏற்பதில்லை. ஆக, தகவல் மட்டும் சொல்வதுதான் சட்டத்துக்கும் நல்லது, படிப்பவருக்கும் நல்லது.

மாற்றி எழுதியது:

```
திருநகர் 3வது ஸ்டாப்பிலிருந்து நடந்து வரும் தூரத்தில்
உள்ள பொது மருத்துவர் கிளினிக். காய்ச்சல், சளி,
வயிற்றுப்போக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறோம்.
குழந்தைகளும் பெரியவர்களும் வரலாம். டோக்கன் வரிசைப்படி;
காலையிலும் மாலையிலும் போனில் டோக்கன் போடலாம். ஈசிஜி,
நெபுலைசர், காயத்துக்குக் கட்டுப்போடுதல் இங்கேயே உண்டு.
ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்புகிறோம்,
முடிவு மறுநாள் கிடைக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் இல்லை.
கிளினிக் தரைத்தளத்தில் உள்ளது, வாசலில் சாய்தளம் உண்டு.
```

முதல் இரண்டு வாக்கியத்தில் இடமும் என்ன பார்க்கிறார்கள் என்பதும் வந்துவிட வேண்டும். போனில் பத்தியின் தொடக்கம் மட்டும் தெரியும், மிச்சத்துக்குத் தொட்டு விரிக்க வேண்டும். நேரத்தை வேண்டுமென்றே எழுதவில்லை. அதற்குத் தனி இடம் இருக்கிறது, இங்கேயும் எழுதினால் ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்துவிடுவோம். எக்ஸ்ரே இல்லை என்று எழுத அத்தானுக்குத் தயக்கம். இல்லாததைத் தேடி வந்து கோபத்தோடு திரும்புபவரைவிட, முதலிலேயே தெரிந்து வேறிடம் போகிறவர் மேல் என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தேன்.

தமிழில் எழுதும்போது ஒரு சின்ன சிக்கல் வரும். 750 என்பது நாம் எண்ணும் எழுத்து இல்லை. "கிளினிக்" நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டு: மெய்யும் கொம்பும் புள்ளியும் தனித்தனி. அதனால் நினைத்ததில் பாதியளவு வந்ததும் இடம் தீர்ந்துவிடும். பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணிக்கையைப் பார்த்து எழுதுங்கள்.

பத்தியில் சொன்ன வேலைகளை `Services` பகுதியிலும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுங்கள். நிறையப் பேர் இதை மறக்கிறார்கள். நாங்களும் மறந்தோம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரிவ்யூ கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லை

ஓட்டல்காரர் சாப்பிட்டவரிடம் "சார், ஒரு ரிவ்யூ போடுங்க" என்று கேட்கலாம். டாக்டர் அப்படிக் கேட்கலாமா என்பது வேறு கேள்வி. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட புதிய நடத்தை விதிகளில், சமூக ஊடகங்களில் நோயாளிகளிடம் சான்றுரையோ ரிவ்யூவோ கேட்கக்கூடாது, தேடலில் முதலில் வரப் பணம் கொடுக்கக்கூடாது என்றே எழுதியிருந்தது. அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அதில் கூகுள் ரிவ்யூ என்ற பேச்சே கிடையாது. ஆனால் நோயாளிகளைத் தேடி அழைப்பது தவறு என்ற கொள்கை அதிலும் இருக்கிறது.

நாங்கள் போட்டுக்கொண்ட கோடு இது. டாக்டர் தன் அறையில் ரிவ்யூ பற்றி வாயே திறக்கக்கூடாது. மருந்துச் சீட்டு எழுதும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சிகிச்சையைப் பற்றி, குணமானதைப் பற்றி எழுதச் சொல்லக்கூடாது. வந்துபோன அனுபவத்தைச் சொல்ல விரும்புபவருக்கு வழி காட்டுவது மட்டும்தான் நம் வேலை. இதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கவுண்டரில் ஒரு அட்டை

ப்ரொஃபைலில் `Ask for reviews` என்பதைத் தொட்டால் ஒரு இணைப்பும் கியூஆர் கோடும் கிடைக்கும். அந்தக் கியூஆர் கோடை அச்சடித்து, லேமினேட் செய்து, மருந்து வாங்கும் இடத்தில் வைத்தோம். டோக்கன் வாங்கும் இடத்தில் வைக்காதீர்கள். அங்கே நிற்பவருக்குக் காய்ச்சல்; இன்னும் டாக்டரையே பார்க்கவில்லை. அட்டையில் எழுதியது:

```
இங்கே வந்துபோன அனுபவத்தைச் சொல்ல விரும்பினால்
ஸ்கேன் செய்யுங்கள். காத்திருந்த நேரம், கவுண்டர்,
சுத்தம், வழி என எதைப் பற்றியும் எழுதலாம்.
குறையையும் எழுதலாம். நோய் விவரம் எழுத வேண்டாம்.
```

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பார்த்து அச்சகக்காரர் சிரித்தார். ஆனால் அவைதான் முக்கியம். திருப்தியானவரை மட்டும் கூகுளுக்கு அனுப்பி, குறை சொல்பவரைத் தனிப் படிவத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கூகுள் விதிப்படி அது தவறு. ரிவ்யூவுக்கு ஈடாகக் கட்டணத்தில் சலுகை கொடுப்பதும் தவறு. கேட்பதென்றால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். போனில் டோக்கன் போடுபவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும் செய்தியின் அடியிலும் அதே இணைப்பைச் சேர்த்தோம். அது ஆள் பார்த்துப் போவதில்லை, எல்லோருக்கும் போகும்.

முதல் வாரத்தில் கவுண்டர் அக்கா ஆர்வக்கோளாறில் ஒரு காரியம் செய்தார். வயதானவர்களின் போனை வாங்கி, அவரே ஐந்து நட்சத்திரம் தொட்டு, "நல்ல டாக்டர்" என்று தட்டிக்கொடுத்தார். நல்ல மனதுதான். ஆனால் ஒரே மாலையில், ஒரே வைஃபையில், ஒரே வாசகத்தில் ஏழெட்டு ரிவ்யூ போனால் போலியைப் பிடிக்கும் எந்த வடிகட்டிக்கும் சந்தேகம் வரும். அவற்றில் பாதி ப்ரொஃபைலில் தெரியவே இல்லை. போனைத் தொடாதீர்கள், அட்டையைக் காட்டினால் போதும் என்று சொன்னபிறகு வேகம் குறைந்தது, ஆனால் வந்தவை நீக்கப்படாமல் நிலைத்தன. வாரத்துக்கு இரண்டு, மூன்று வந்தால் இந்த அளவு கிளினிக்குக்கு நல்ல வேகம்.

சொந்தக்காரர்களும் ஊழியர்களும் எழுதவே கூடாது. என் அக்கா பையன் தன் அப்பா கிளினிக்குக்கு ஆசையாக ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான், அதை நீக்கச் சொன்னோம். இடையில் ஒரு ஏஜென்சியும் போன் செய்தது, நூறு ரிவ்யூ, இத்தனை ரூபாய் என்று. போலி ரிவ்யூ பிடிபட்டால் கூகுள் அவற்றை நீக்குவதோடு விடாது. புதிய ரிவ்யூ வருவதைச் சில காலம் நிறுத்தும், போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று ப்ரொஃபைலிலேயே எச்சரிக்கையும் காட்டும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த டாக்டருக்கு அதைவிடக் கேவலம் வேண்டாம்.

ரிவ்யூவில் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். மக்கள் தங்கள் சொல்லில் எழுதுவதுதான் தேடலுக்கும் உதவுகிறது. "ரத்தம் எடுக்குற பொண்ணு வலிக்காம எடுத்துச்சு" என்று ஒருவர் எழுதினார். ரத்தப் பரிசோதனை என்று தேடுபவருக்கு இப்படிப்பட்ட ரிவ்யூவின் ஒரு வரியைக் கூகுள் சில சமயம் முடிவிலேயே எடுத்துக் காட்டும். நாம் எழுதிக்கொடுத்த எந்த வாசகமும் அப்படி இருக்காது.

பதில் எழுதும்போதுதான் அதிகம் தவறுவது

ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டு, "மாத்திரை சாப்பிட்டும் சுகர் குறையல, காசுதான் போச்சு" என்று எழுதினார். அத்தான் கோபத்தில் எழுதிவைத்த பதில் இது:

```
நீங்கள் வந்தபோது சர்க்கரை 340 இருந்தது. மாத்திரையை
ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.
```

அனுப்பும் முன் எனக்குக் காட்டினார், தப்பித்தோம். 2002 விதிகளின் 7.14ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தை வெளியிடக்கூடாது என்கிறது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நோயாளியே தன் நோயை எழுதிவிட்டார் என்பதால் டாக்டர் அதன்மேல் விவரம் சேர்க்கலாம் என்று ஆகாது. அவர் நம்மிடம் வந்தவர்தான் என்று ஒப்புக்கொள்வதையே நான் தவிர்க்கச் சொல்வேன். இப்படி மாற்றினோம்:

```
உங்கள் வருத்தத்தைப் படித்தோம். சிகிச்சை விவரங்களைப்
பொதுவெளியில் பேச எங்களால் முடியாது. கிளினிக் எண்ணுக்கு
அழைத்தால் நேரம் ஒதுக்கிப் பேசுகிறோம்.
```

பாராட்டுக்கும் அப்படித்தான். "உங்கள் தைராய்டு சரியானதில் மகிழ்ச்சி" என்று எழுதாதீர்கள். "நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி" போதும். காத்திருந்த நேரம் பற்றிய குறைக்கு மட்டும் விவரமாகப் பதில் சொல்லலாம், அதில் ரகசியம் எதுவும் இல்லை. திங்கள் மாலைக் கூட்டம் பற்றி இரண்டு பேர் எழுதியபிறகு திங்கள்கிழமை டோக்கன் முறையையே மாற்றினோம், அதைப் பதிலிலும் சொன்னோம்.

குறை சொன்ன ரிவ்யூவை நீக்கக் கூகுளிடம் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. வசவு, வேறு இடத்தைப் பற்றி எழுதியது, போட்டியாளர் எழுதியது என்றால் புகார் செய்யலாம். கருத்து கசப்பாக இருக்கிறது என்பது காரணமாகாது.

பலன் வந்ததா என்று பார்ப்பது

கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு தேடிப் பார்த்து மகிழாதீர்கள். அங்கே தூரம் பூஜ்யம், நிச்சயம் முதலில் வரும். நான் திருநகரின் மறுமுனையில் இருக்கும் ஒரு நண்பரையும், ஹார்விபட்டியில் ஒருவரையும் அவரவர் வீட்டிலிருந்து தேடிப் பார்க்கச் சொன்னேன். வகையை மாற்றிய சில வாரங்களில் திருநகருக்குள் வரத் தொடங்கியது. ரிவ்யூக்கள் சேரச் சேர ஹார்விபட்டியிலும் சில நேரம் வந்தது. பசுமலையில் வரவே இல்லை. நடுவில் வேறு கிளினிக்குகள் இருக்கும்போது அது வரப்போவதும் இல்லை, அதற்காக மெனக்கெடவும் இல்லை.

மாதம் ஒருமுறை `Performance` பக்கத்தைத் திறந்தால், எந்தச் சொற்களைத் தேடி நம் ப்ரொஃபைலைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அழைப்புகள், வழி கேட்டவர்கள் எண்ணிக்கையும் இருக்கும். மூன்றாவது மாதப் பட்டியலில் டாக்டர் பெயருக்கும் `clinic near me` என்பதற்கும் கீழே `ecg near me` என்று ஒன்று இருந்தது. `Services` பகுதியைப் போய்ப் பார்த்தால் காய்ச்சல், சளி, ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது, ஈசிஜியைக் காணோம். அறிமுகப் பத்தியில் எழுதிவிட்டோம் என்ற நினைப்பில் விட்டிருந்தோம். அன்று இரவே சேர்த்தேன். கவுண்டர் அக்காவிடம் சொன்னபோது, "அதான் அன்னைக்கே நோட்டுல எழுதிக் குடுத்தேனே" என்றார்.